தோள் ஓரத்து வெள்ளைக் கோடு

வெள்ளைச் சட்டையை ஃபோட்டோஷாப்பில் கருநீலமாக்கினால், தோள் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சும். விளிம்புப் புள்ளிகளில் துணியின் நிறமும் பின்னணியின் நிறமும் கலந்திருக்கும். மாஸ்க் அவற்றைத் தொடாமல் விட்டதே காரணம். மாஸ்க்கின் ஓரம் கூர்மையாக இருந்தால் படிக்கட்டுப் பிசிறும் தெரியும்.

Select and Mask பகுதியில் Feather 1 பிக்சல் வையுங்கள், பிசிறு அடங்கும். கோடு மட்டும் போகாது. அதற்காக Feather-ஐ 5, 6 என்று ஏற்றுவது தவறு, நீலம் பின்னணியில் புகைபோலக் கசியும். Shift Edge-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நீலம் கோட்டை மூடியதும் நிறுத்துங்கள். கழுத்தில் நீலம் ஏறியிருந்தால், மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் அந்த இடத்தை மட்டும் தடவுங்கள். 200 சதவீதம் பெரிதாக்கிக் காலரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.