கையெழுத்து வாங்கிய பிறகு கிளம்புங்கள்

வேலையை விடும் நாளில் லேப்டாப்பை ஐ.டி. பிரிவிலும் அக்சஸ் கார்டை செக்யூரிட்டியிடமும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புகிறவர்கள் அதிகம். பிறகு ஃபைனல் செட்டில்மென்ட் கணக்கு வரும்போது, ‘சார்ஜர் வரவில்லை’ என்று ஒரு தொகையைப் பிடித்திருப்பார்கள். வாங்கியவருக்கு ஞாபகம் இருக்காது. கொடுத்தவரிடம் சான்று இருக்காது. ஒரு பக்க ஒப்படைப்புக் கடிதம் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்த ஒருவர் அதை இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். இன்றுடன் பணியிலிருந்து விலகுகிறேன். என் பொறுப்பில் இருந்தவற்றை ஒப்படைக்கிறேன்.

1. லேப்டாப் 1, சார்ஜர், பையுடன். சீரியல் எண் …… நல்ல நிலையில் இயங்குகிறது. மேல்மூடியின் இடது ஓரத்தில் கீறல் உண்டு.

2. அக்சஸ் கார்டு 1, எண் ……

3. சாவிகள் 3: மேசை டிராயர் 1, பீரோ 2.

4. 2024-25 கொள்முதல் பில்கள், பாக்ஸ் ஃபைல் 2, பீரோவின் இரண்டாம் தட்டில். மார்ச் மாத பில் ஒன்று இன்னும் சரிபார்க்கப்படவில்லை.

இப்படிக்கு, (பெயர், கையெழுத்து, தேதி)

மேற்கண்டவற்றைப் பெற்றுக்கொண்டேன். (பெயர், பதவி, கையெழுத்து, தேதி)”

சீரியல் எண் லேப்டாப்பின் அடியில் ‘S/N’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும். ‘லேப்டாப் ஒன்று’ என்று மட்டும் எழுதினால், எந்த லேப்டாப் என்ற கேள்வி பிறகு வரலாம். கீறலை நீங்களே குறிப்பிட்டுவிட்டால், ஒப்படைத்த பின் ஏற்பட்ட சேதம் உங்கள் தலையில் விழாது. ஃபைலின் பெயரோடு அது இருக்கும் இடத்தையும் பாதியில் நிற்கும் வேலையையும் சொன்னால், அடுத்து வருபவர் உங்களுக்கு போன் செய்ய வேண்டியிருக்காது.

பாஸ்வேர்டுகளை இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது; பல கைகளுக்குப் போகும் தாள் இது. சொந்த மெயில் கணக்கிலிருந்து லாக்-அவுட் செய்துவிடுங்கள். ஆப்பிள் லேப்டாப் என்றால் உங்கள் ஆப்பிள் கணக்கை நீக்குவது முக்கியம். ‘ஃபைண்ட் மை’ வசதி அதில் ஓடிக்கொண்டிருந்தால், அழித்து மறுபடி அமைக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு அது பூட்டிக்கொள்ளும். அலுவலகக் கோப்புகளை மட்டும் நீங்களாக அழிக்காதீர்கள். அவை நிறுவனத்துக்குச் சொந்தம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, பொருட்களை மேலாளர் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் படமெடுத்து அவருக்கே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். அலுவலக மெயில் அன்றே மூடப்படலாம் என்பதால், சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போகட்டும்.

பொறுப்பில் கொடுத்த பொருள் தொலைந்ததாகச் சொல்லிச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன், ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. அப்படி விளக்கம் கேட்டால், கையெழுத்திட்ட அந்த ஒரு தாளை நீட்டினால் போதும்.