எந்த அறையும் விடுபடாத நிலவறை

1980இல் வெளிவந்த ‘ரோக்’ கணினி விளையாட்டில் ஒவ்வொரு முறையும் புதிய நிலவறை உருவாகும். மூன்று வரிசைகளில் மும்மூன்றாக 9 அறைகள். அவற்றை இணைக்க 8 பாதைகள் போதும்.

ஆனால், கண்ணை மூடிக்கொண்டு 8 பாதைகளைத் தேர்ந்தால், 7 பாதைகள் மேல் இரு வரிசைகளுக்குள்ளேயே அமைந்துவிடலாம். மிஞ்சும் ஒன்றால் கீழ் வரிசை அறைகள் மூன்றையும் சேர்க்க முடியாது. கீழிறங்கும் படிக்கட்டு அங்கே இருந்தால் ஆட்டம் அதோடு நின்றுவிடும்.

ரோக் ஏதாவது ஓர் அறையை ‘இணைந்தது’ எனக் குறித்துத் தொடங்கும். பிறகு, இணைந்த அறையிலிருந்து இன்னும் இணையாத பக்கத்து அறைக்கு மட்டுமே பாதை போட்டு, அதையும் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு பாதையும் ஒரு புதிய அறையைச் சேர்ப்பதால், 8ஆவது பாதையுடன் எல்லா அறைகளும் இணைந்திருக்கும். எந்த அறை, எந்தத் திசை என்பது மட்டுமே தற்செயல். கடைசியாகச் சில கூடுதல் பாதைகள் போட்டால், சுற்றி வரவும் வழி கிடைக்கும்.