விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு படகு

ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மேல்நிலைப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ரோபாட்டிக்ஸ் மன்றத்துப் பிள்ளைகள் நீரின் தரத்தை அளக்கும் ஆளில்லாப் படகு ஒன்றைச் செய்ய விரும்பி, நிதி கேட்டுத் திட்டம் எழுதுகிறார்கள். பணம் தருபவர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான்: "ஒரு வாளியில் மொண்டு வந்து பார்த்தால் போதாதா? படகு எதற்கு?"

நியாயமான கேள்வி. உப்பின் அளவையும் அமில காரத் தன்மையையும் அறிய வாளியே போதும். ஆனால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனுக்கு வாளி உதவாது. மீன் உயிரோடு இருக்குமா என்பதைச் சொல்வது அந்த ஆக்சிஜன்தான். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்திருக்கும். மீன் வளர்ப்புக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

சாக்கடை கலந்து பச்சையாகப் பாசி மண்டிய ஏரியில் இந்த அளவு நாள் முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை. வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் பிற்பகலில் 10-ஐக்கூடத் தாண்டும். இருட்டியதும் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சத் தொடங்குகிறது. சூரியன் எழும் முன்பு 2-க்கும் கீழே இறங்கிவிடலாம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிப்பது அப்போதுதான். பள்ளி நேரத்தில், பதினோரு மணிக்கு அளந்தால் ஏரி நலமாக இருப்பதாகவே தெரியும்.

வாளியில் மொள்ளும்போது காற்று கலந்து அளவு கூடிவிடுகிறது. பாட்டிலில் அடைத்து எடுத்துவந்தாலோ, வழியிலேயே நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று அளவைக் குறைத்துவிடுகின்றன. ஆய்வகத்தார் இதற்காகக் கரையிலேயே ரசாயனம் சேர்த்துவிடுவார்கள். அந்த முறைக்குக் கடுங்காரமும் கந்தக அமிலமும் வேண்டும். இருட்டில் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடியவை அல்ல. அவர்களை ஏரிக்குள் இறக்கவும் முடியாது. ஆகவே ஐந்து மணிக்கு, ஆசிரியர் உடனிருக்க, கயிறு கட்டிய படகு போகட்டும். திட்டத்தின் முதல் பத்தியிலேயே இது இருக்க வேண்டும்.

படகு எளிய வேலைதான். நான்கு அங்குல பிவிசி குழாய் ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு எடுத்து, முனைகளை மூடி, நடுவில் பலகை பொருத்தினால் போதும். இரண்டும் பாதி அமிழ்ந்த நிலையில் தம் எடையையும் சேர்த்து ஒன்பது கிலோவுக்கு மேல் தாங்கும். தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் ஆகாயத்தாமரை வேர் சுற்றிக்கொள்ளும் என்பதால், மேலே காற்றைத் தள்ளும் விசிறி வைப்பது நல்லது.

சிக்கல் சென்சாரில் வரும். வகுப்பறையில் தனித்தனி டம்ளரில் வைத்துப் பார்த்தபோது பிஎச் சென்சாரும் உப்பளவு சென்சாரும் ஒழுங்காக எண் காட்டியிருக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் இறக்கியதும் பிஎச் தாறுமாறாக ஓடும். "டம்ளர்ல சரியாத்தானே சார் காட்டுச்சு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரே பேட்டரியில் இயங்கும் இரு கருவிகளுக்கிடையே தண்ணீர் வழியாக மின்னோட்டம் கசிவதே காரணம். ஒவ்வொரு சென்சாருக்கும் மின்தொடர்பைப் பிரிக்கும் தனிப் பலகை வைக்க வேண்டும். முதல் பட்ஜெட்டில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

ஆக்சிஜன் சென்சாரின் நுனியில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதில் பாசி படிந்தால் எண் குறைந்துகொண்டே வரும். ஏரி கெட்டுவிட்டதாக நினைத்துவிடுவோம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சென்சாரை வெளியே எடுத்து, நுனியில் ஒட்டிய துளியை ஒற்றியெடுத்துவிட்டு, ஈரக் காற்றில் சற்று நேரம் பிடித்தால் 100 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் அன்றைய கணக்கை ஏடு ஏற்றக் கூடாது. படகு திரும்பியதும் தினமும் இதைச் செய்து குறித்துவைப்போம் என்று எழுதியிருந்தால், எழுதியவர்களுக்கு வேலை தெரியும் என்று நான் நம்புவேன்.

பணக் கணக்கும் இங்கிருந்தே பிறக்கிறது. குழாய்க்கும் மோட்டாருக்கும் பெரிய செலவில்லை. ஆக்சிஜன் சென்சார்தான் விலை கூடியது. மாற்றுச் சவ்வு, அதற்குள் ஊற்றும் திரவம், பிஎச் சரிபார்க்கும் 4, 7, 10 கரைசல்கள் ஆகியவற்றை ஓராண்டுக்குக் கணக்கிட்டுக் கேட்க வேண்டும். இவை இல்லாமல் மூலையில் காய்ந்துபோன படகுகள்தான் அதிகம். பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் அங்கே கிடைக்கும் மைக்ரோகண்ட்ரோலரை மறுபடி கேட்க வேண்டாம்.

இந்தப் படகால் முடியாததையும் எழுதிவிட வேண்டும். கிருமி இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்பதை அது சொல்லாது. எந்த வாய்க்கால் வாயில் விடியற்காலை எண் தொடர்ந்து விழுகிறது என்பதைக் காட்டும். அந்த இடத்துத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பலாம். அந்தக் கட்டணத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கட்டும்.