அம்மாவின் கணக்கில் எவ்வளவு ஏறும்?

சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பியதும் செயலி காட்டும் ஆங்கிலக் குறிப்பு, அனுப்பியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அதை வரிக்கு வரி தமிழாக்கினால், அவருக்கு வேண்டிய தொகை கடைசியில்தான் வரும். உதாரணத்துக்கு இப்படி ஒரு குறிப்பு:

```
You send: 500.00 SGD
Fee included: 4.50 SGD
Rate: 1 SGD = 65.20 INR
Recipient gets: 32,306.60 INR
Should arrive by: Fri 20:00 SGT
```

முதல் சிக்கல் கட்டணம். இங்கே 500 வெள்ளிக்குள்ளேயே கட்டணம் அடக்கம். அதைக் கழித்து மீதி 495.50 வெள்ளிதான் ரூபாயாக மாறுகிறது. இதைக் கவனிக்காமல் 500-ஐ 65.20-ஆல் பெருக்கி, "32,600 ரூபாய் வரும்" என்று எழுதிவிட்டால், கணக்கில் 293 ரூபாய் குறைவதைப் பார்த்து அம்மா வங்கியில் போய் விசாரிப்பார். வேறு சில சேவைகளில் கட்டணத்தைத் தனியாக, தொகைக்கு மேல் வாங்குவார்கள். அப்போது 32,600 முழுதாக வரும். எந்த வகை என்று பார்க்காமல் எழுதவே கூடாது.

மாற்று விகிதத்தை அம்மாவுக்கு விளக்குவது பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் டிவியில் வெள்ளி 65.90 என்று கேட்டுவிட்டு அவர் காரணம் கேட்கலாம். டிவி சொல்வது சந்தை விலை. அனுப்பும் நிறுவனம் அதில் 70 காசு குறைத்துக் கொடுக்கிறது. இந்தக் கணக்கில் அது ஏறக்குறைய 347 ரூபாய், கட்டணத்தைவிட அதிகம். கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்கிறவர்களும் பெரும்பாலும் இந்த வழியில்தான் சம்பாதிக்கிறார்கள்.

நேரத்தை அப்படியே எழுதினால் குழப்பம் வரும். சிங்கப்பூர் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 8 மணி என்றால் ஊரில் மாலை 5.30. அதற்குள் வங்கிக் கவுண்டரை மூடியிருப்பார்கள். மறுநாள் இரண்டாவது அல்லது நான்காவது சனிக்கிழமையாக இருந்தால் விடுமுறை, பாஸ்புக்கில் பதியத் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். தவிர, குறிப்பில் இருப்பது எதிர்பார்ப்புதான், உறுதிமொழி அல்ல. சரிபார்ப்புக்காக நிறுத்தினால் தாமதமாகும்.

இத்தனையும் பார்த்தபின் அம்மாவுக்குப் போகவேண்டிய செய்தி சிறியது: "அம்மா, உங்க கணக்குக்கு 32,306 ரூபா 60 காசு அனுப்பியிருக்கேன். கட்டணம் போக வர்ற தொகை இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்குள்ள ஏறிடும்னு போட்டிருக்கு, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாம். போனுக்கு மெசேஜ் வந்தப்புறம் பேங்குக்குப் போங்க. சனிக்கிழமையும் வரலைன்னா எனக்குச் சொல்லுங்க, நான் இங்க கேட்கிறேன்."

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. பணம் வழியில் நின்றால், பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி நிறுவனத்திடம் கேட்க வேண்டியவர் அனுப்பியவர். பணம் இன்னும் வந்து சேராத நிலையில், அம்மாவின் வங்கிக் கிளையில் அதைப் பற்றிய பதிவே இருக்காது.