கருங்காலிக் கடிகாரம் ஏன் நின்றது?

கதையில் உடைந்த கடிகாரம் வந்தால், “காலம் நின்றுவிட்டதன் குறியீடு” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பலரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரி எல்லாக் கதைக்கும் பொருந்தும் என்பதால், எந்தக் கதையைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. கடிகாரம் வரும்போதெல்லாம் கதையில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல் எழுதிய ‘சிவப்பு மரணத்தின் முகமூடி’. சில பக்கங்களே உள்ள கதை. நாட்டில் கொள்ளைநோய் பரவுகிறது. பிடித்தால் அரை மணி நேரத்தில் உயிர் போய்விடும். இளவரசன் பிராஸ்பெரோ ஆயிரம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மடாலயக் கோட்டைக்குள் போய், இரும்புக் கதவுகளின் தாழ்களை உருக்கி ஒட்டிவிடுகிறான். வெளியே இருப்பவர்கள் எப்படியோ போகட்டும் என்பது அவன் எண்ணம். ஐந்தாறு மாதம் கழித்து உள்ளே ஒரு முகமூடி விருந்து நடக்கிறது.

விருந்து நடப்பது ஏழு அறைகளில். கிழக்கே நீல அறையில் தொடங்கும் வரிசை, மேற்கே கறுப்பு அறையில் முடிகிறது. அந்தக் கடைசி அறையின் ஜன்னல் கண்ணாடி மட்டும் இரத்தச் சிவப்பு. மேற்குச் சுவரில் பிரம்மாண்டமான கருங்காலிக் கடிகாரம். அந்த அறைக்குள் கால்வைக்கவே விருந்தாளிகள் தயங்குகிறார்கள்.

ஆனால் அறையைத் தவிர்த்தாலும் ஓசையைத் தவிர்க்க முடியவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் இசைக்காரர்கள் வாசிப்பை நிறுத்துகிறார்கள். ஆடுபவர்களின் கால்களும் நிற்கின்றன. முகங்கள் வெளுக்கின்றன, வயதானவர்கள் நெற்றியைத் தடவிக்கொள்கிறார்கள். ஓசை அடங்கியதும் சிரிப்பு கிளம்புகிறது. அடுத்த முறை இப்படி மிரளக் கூடாது என்று இசைக்காரர்கள் தங்களுக்குள் முடிவெடுக்கிறார்கள். அறுபது நிமிடம் கழித்து மறுபடி அதே வெளிறல், அதே சிரிப்பு.

கடிகாரத்தைப் போ குறியீடாக்கும் விதம் இதுதான். அது மரணத்தைக் குறிக்கிறது என்று அவர் எங்கும் விளக்குவதில்லை. சாவை மறக்கத்தான் அவர்கள் கதவை அடைத்தார்கள். அந்த மறதிக்கு ஆயுள் ஒரு மணி நேரம்தான் என்று நிகழ்ச்சிகளாலேயே காட்டிவிடுகிறார். தாழ்களை உருக்கி ஒட்டியவர்கள் கடிகாரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

நள்ளிரவில் பன்னிரண்டு அடி. ஓசை நீள்கிறது, எல்லாரும் நிற்கும் நேரமும் நீள்கிறது. யோசிக்க நேரம் கிடைத்ததால்தான், அதுவரை யாரும் கவனிக்காத ஓர் உருவம் பலர் கண்ணில் படுகிறது: பிணத்துணி சுற்றி, இரத்தம் தெறித்த முகமூடியோடு நிற்கும் ஆள். குறியீடாக வந்த பொருள் இங்கே கதையையே நகர்த்துகிறது. வெறும் அலங்காரத்துக்கு வைத்த பொருளால் இது முடியாது. இளவரசன் கத்தியோடு துரத்துகிறான், கறுப்பு அறையில் விழுந்து சாகிறான். கடிகாரத்தின் நிழலில் நிற்கும் உருவத்தை மற்றவர்கள் பாய்ந்து பிடித்தால் துணிக்குள் யாருமில்லை. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசி ஆள் சாகும்போது கடிகாரமும் நின்றுவிடுகிறது.

சாவி கொடுக்க ஆளில்லாவிட்டாலும் கடிகாரம் அந்த நொடியே நிற்காது. சற்று நேரமாவது ஓடித்தான் ஓயும். போ வேண்டுமென்றே நடைமுறையை மீறுகிறார். அது கணக்கு வைத்திருந்தது அங்கிருந்தவர்களின் ஆயுளைத்தான். அவர்கள் முடிந்ததும் எண்ணுவதற்கு மிச்சமில்லை.

இந்த அர்த்தத்தை வேறு கதைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் மிஸ் ஹாவிஷாமின் வீட்டுக் கடிகாரங்கள் எல்லாம் எட்டு நாற்பதில் நிற்கின்றன. மணமகன் கைவிட்டான் என்று கடிதம் வந்த நேரம் அது. நிறுத்தியவள் அவளே. அங்கே நின்ற கடிகாரம் ஒரு பெண்ணின் பிடிவாதம். போவின் கதையில் யாருடைய பிடிவாதமும் செல்லாது என்பதற்கான சாட்சி.

குறியீடு தேடத் தொடங்கினால் கைக்கு அகப்பட்டதெல்லாம் குறியீடாகத் தெரியும் ஆபத்தும் உண்டு. அந்த ஏழு அறைகளையும் மனித வாழ்வின் ஏழு பருவங்களாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும் வரிசையும் கடைசிக் கறுப்பும் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் பச்சை எந்தப் பருவம், ஆரஞ்சு எது என்று கேட்டால் கதையில் பதில் இல்லை. நடுவிலுள்ள நிறங்களால் யாருடைய நடத்தையும் மாறுவதில்லை. உருவகக் கதைகளைப் போவே ஏளனம் செய்தவர் என்பதால், நிறத்துக்கொரு பருவம் ஒதுக்குபவர்கள் சற்று நிதானிப்பது நல்லது.