வேகமான சர்வுக்கு எங்கே நிற்பது, எப்போது குதிப்பது?

2017 அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டத்தில் ரஃபேல் நடாலுக்கு எதிரே நின்றவர் கெவின் ஆண்டர்சன். 2.03 மீட்டர் உயரம், அதற்கேற்ற சர்வ். நடால் அதை எடுக்க பேஸ்லைனை விட்டுப் பல மீட்டர் பின்னே, கோட்டு நடுவர்கள் நிற்கும் இடத்தை ஒட்டிப் போய் நின்றார். 6-3, 6-3, 6-4 என்று வென்றார். 1992 விம்பிள்டன் இறுதியில் ஆண்ட்ரே அகாசி செய்தது இதற்கு நேர் எதிர். அந்த ஆண்டு முழுக்க எல்லோரையும் மிரட்டிய கோரன் இவானிசெவிச்சின் இடக்கை சர்வை, அவர் பேஸ்லைனை ஒட்டியே நின்று பந்து எழும்போதே வெட்டித் திருப்பினார். ஐந்து செட் ஆடி அவரும் வென்றார்.

எங்கே நிற்பது என்பதற்கு விதிப்புத்தகத்தில் தடை எதுவும் இல்லை. வலைக்குத் தன் பக்கத்தில், கோட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ ரிட்டர்ன் செய்பவர் எங்கும் நிற்கலாம். வேகமான சர்வ் போடும் ஒருவர் எதிரே வந்தால், கிளப் ஆட்டக்காரர் பெரும்பாலும் யோசிக்காமலே இரண்டடி, மூன்றடி பின்னே போகிறார். அது உதவுகிறதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளப் அளவில் அது கடுமையான சர்வ்தான். காற்று அதன் வேகத்தைக் குறைக்கிறது, தரையில் பட்டதும் இன்னும் குறைகிறது. பேஸ்லைனை எட்டும்போது ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வேகம்தான் மிஞ்சும். அடிபட்டதிலிருந்து அங்கே வந்துசேர மொத்தம் சுமார் 0.7 வினாடி ஆகிறது. இரண்டு மீட்டர் பின்னே போய் நின்றால் கூடுதலாகக் கிடைப்பது 0.08 வினாடி. கேட்க அற்பமாகத் தெரிந்தாலும், ராக்கெட்டைப் பின்னே இழுத்து முன்னே கொண்டுவரத் தடுமாறுபவருக்கு அது பெரிய உதவி. உடம்பை நோக்கி வரும் சர்வ், நடுக்கோட்டை ஒட்டி வரும் சர்வ் இரண்டுக்கும் இப்படிப் பின்வாங்குவது பலன் தரும்.

வெளிப்பக்கம் விலகிப் போகும் சர்வில்தான் சிக்கல். சர்வ் போடுபவர் தன் நடுக்குறியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று கொள்ளுங்கள். அவரால் நடுக்கோட்டின் மீதும் அடிக்க முடியும், சர்வீஸ் பாக்ஸின் வெளிமூலையிலும் இறக்க முடியும். இந்த இரண்டு பாதைகளுக்கும் சரிநடுவில், பேஸ்லைன் மீது நிற்பவர் ஒற்றையர் பக்கக் கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உள்ளே இருப்பார். வெளிப்பக்க சர்வை எட்ட அவர் சுமார் 2.7 மீட்டரை அடைக்க வேண்டும்.

இப்போது அவர் நேராக இரண்டு மீட்டர் பின்வாங்குகிறார். பந்து சாய்வாகப் போய்க்கொண்டே இருப்பதால் அடைக்க வேண்டிய தூரம் 3.2 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. கிடைத்த 0.08 வினாடியில் கால்களால் கால் மீட்டர்தான் கடக்க முடியும், ஆனால் தூரம் கூடியதோ அரை மீட்டருக்கு மேல். நேராகப் பின்வாங்குவது இங்கே நஷ்டக் கணக்கு. பின்னே போகும்போதே ஓர் அடி வெளிப்பக்கமும் நகர்ந்தால் கணக்கு ஏறத்தாழ சமமாகும். லாபம் அப்போதும் இல்லை. எனவே ஒரு செட்டில் பந்து தொடர்ந்து உடம்பில் வந்து மாட்டினால் பின்னே போகலாம். வெளிப்பக்கமாகத் தப்பிக்கொண்டே இருந்தால் பின்னே போகாமல், பந்தின் பாதையைக் குறுக்கே வெட்டும்படி வெளிப்பக்கமும் முன்னேயுமாகக் கால் வைப்பதே சரி. ஒரு மீட்டர் முன்னே பந்தைச் சந்தித்தால், எட்ட வேண்டிய தூரம் கிட்டத்தட்ட ஓர் அடி குறைகிறது.

நடாலின் இடத்தை அப்படியே நகலெடுக்க இடமும் வேண்டும். கிளப் மைதானங்களுக்கு பேஸ்லைனுக்குப் பின்னால் பரிந்துரைக்கப்படும் குறைந்தபட்ச இடமே சுமார் ஐந்தரை மீட்டர். அதைவிடக் குறைவாக இருக்கும் கோர்ட்டுகளும் உண்டு. தவிர, ஆழத்தில் நிற்பவரின் ரிட்டர்ன் வலையைத் தாண்ட அதிக நேரம் எடுக்கும், அதைப் பயன்படுத்தி எதிராளி முன்னே ஓடி வரலாம். 2023 அமெரிக்க ஓப்பன் இறுதியில் வெகு பின்னே நின்ற மெத்வெதெவுக்கு எதிராக ஜோகோவிச் சர்வ் போட்டதும் வலைக்கு ஓடி வந்து புள்ளிகளை அள்ளியது இப்படித்தான்.

இடத்தைச் சரியாகத் தேர்ந்தவரும் கால் தரையில் ஒட்டிக்கிடந்தால் பந்தைத் தவறவிடுவார். எதிராளி அடிக்கும் கணத்தில் போடும் சிறு குதிப்பான ஸ்ப்ளிட் ஸ்டெப் இதற்காகத்தான். பல கிளப்களில் ‘அவர் அடிக்கும்போது இறங்கியிரு’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அது ஒரு துளி சீக்கிரம். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று கண்ணும் மூளையும் பிடிக்க, அடிபட்ட பிறகு ஏறத்தாழ 0.2 வினாடி தேவை. அதற்கு முன்பே பாதங்கள் தரையில் அழுந்திவிட்டால், இறங்கும்போது தொடைத் தசைகளில் சேரும் வில் போன்ற இறுக்கம் வீணாகிவிடும். கால்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்ப வேண்டும். எனவே அடிபடும் கணத்தில் பாதங்கள் தரையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், திசை தெரியவரும் நேரத்தில் இறங்க வேண்டும்.

குதிப்பின் உயரம் இங்கேதான் முக்கியமாகிறது. 5 சென்டிமீட்டர் உயரம் எழுந்தால் உடம்பு காற்றில் இருப்பது 0.2 வினாடி. வேண்டியது இதுதான். உற்சாகத்தில் 15 சென்டிமீட்டர் துள்ளினால் 0.35 வினாடி காற்றிலேயே கழிந்துவிடும். 160 கிலோமீட்டர் சர்வுக்குக் கையிலிருந்த மொத்த நேரத்தில் சரிபாதி அது! எதிராளியின் வேகம் கூடக்கூட, பதற்றத்தில் பலரும் இன்னும் உயரமாகத் துள்ளுகிறார்கள். செருப்பின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும் என்று மனதில் வைத்துக்கொண்டால் உயரம் தானாகக் குறையும்.

எப்போது கிளம்புவது என்பதற்குப் பந்து அடிபடும் சத்தத்தை நம்பினால் தாமதமாகும். பந்தை மேலே தூக்கிப் போட்ட கை கீழே இறங்க, ராக்கெட் மேல்நோக்கிப் பாயத் தொடங்கும் கணமே அடையாளம். டாஸ் மேலே எழும்போது ஓர் அடி முன்னே வைத்து, ராக்கெட் மேலே பாயும்போது குதித்தால் நேரம் பெரும்பாலும் பொருந்தும். தேர்ந்த ஆட்டக்காரர்களின் கால்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். இரண்டு பாதங்களும் ஒன்றாக இறங்குவதில்லை. பந்து வலப்பக்கம் வருகிறது என்றால் இடக்கால் முதலில் தரையைத் தொடும், வலப் பாதம் காற்றிலேயே வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். திசையை அறிந்த பிறகு இறங்குபவருக்கே இது வாய்க்கும். முன்கூட்டி இறங்குபவர் இரு கால்களிலும் ஒருசேரத் தட்டென்று விழுவார்.

தன் நேரம் சரியா என்று ஆட்டக்காரர் தானாக உணர்வது கடினம். கைபேசியின் மெதுவோட்ட வீடியோ அதைக் காட்டிவிடும். சர்வ் போடுபவரும் எடுப்பவரும் ஒரே சட்டத்தில் தெரியும்படி, கோர்ட்டின் பக்கவாட்டில் இருந்து பத்துப் பதினைந்து சர்வைப் பதிவுசெய்யச் சொல்லலாம். ராக்கெட் பந்தைத் தொடும் சட்டத்தில் நிறுத்தினால், எடுப்பவரின் இரு பாதங்களும் ஏற்கெனவே தரையில் தட்டையாக இருந்தால் குதிப்பு சீக்கிரமாகிவிட்டது. விநாடிக்கு 240 சட்டம் என்று பதிவாகியிருந்தால், அங்கிருந்து நாற்பது முதல் ஐம்பது சட்டங்களுக்குள் முதல் கால் தரையைத் தொட வேண்டும். எழுபதைத் தாண்டினால் குதிப்பு உயரமாகிவிட்டது அல்லது தாமதமாகத் தொடங்கியது. இரண்டில் எது என்பதைப் பாதம் தரையை விட்ட சட்டத்தைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம்.