பத்தாயிரம் முறை சுண்டிய நாணயம்

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்கில் நுழைந்தபோது, தென்னாப்பிரிக்கக் கணிதவியலாளர் ஜான் கெரிச் அங்கே சிக்கிக்கொண்டார். தடுப்பு முகாமில் பொழுது போக வேண்டுமே! ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி, விழுந்ததையெல்லாம் குறித்து வைத்தார். தலை 5,067, பூ 4,933.

இந்த நாணயத்தில் தலை விழும் வாய்ப்பு எவ்வளவு? 5,067-ஐ 10,000-ஆல் வகுத்தால் 0.5067 என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதுவே சிறந்த மதிப்பீடு என்பதற்கு என்ன ஆதாரம்? அதற்கொரு வழியைப் பிரிட்டனின் ரொனால்ட் ஃபிஷர் 1912-இல், கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோதே எழுதினார். கண்ட முடிவு நிகழ எந்த வாய்ப்பு அதிக இடம் தருகிறதோ, அதையே தேர்ந்தெடு என்பதுதான் அது.

தலையின் வாய்ப்பை p என்போம். கெரிச் கண்ட வரிசை அப்படியே விழுவதற்கான நிகழ்தகவு p^5067 × (1−p)^4933. இதை நேரடியாகக் கணக்கிட முடியாது. புள்ளிக்குப் பின் 3,000-க்கும் மேற்பட்ட பூஜ்யங்கள் வரும். சாதாரணக் கணினி நிரல் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது:

5067 ln p + 4933 ln(1−p)

மடக்கை எடுப்பதால் உச்சி இருக்கும் இடம் மாறுவதில்லை. உச்சியில் சரிவு பூஜ்யம் என்பதால் வகைக்கெழு கண்டால் போதும்:

5067/p − 4933/(1−p)

p = 0.4 என்று வைத்தால் ஏறத்தாழ +4,446 கிடைக்கிறது, இன்னும் ஏற்றம்தான். 0.6 என்றால் −3,888. உச்சியைத் தாண்டி இறங்கியாயிற்று. இரண்டுக்கும் நடுவே பூஜ்யமாகும் இடத்தில் 5067(1−p) = 4933p. அதாவது p = 0.5067. எளிய வகுத்தலே சரி என்று தெரிகிறது.

அப்படியானால் கெரிச்சின் நாணயம் கோணலானதா? உச்சியில் வளைவு எவ்வளவு கூர்மை என்பதை இரண்டாம் வகைக்கெழு சொல்லும். அதிலிருந்து கிடைக்கும் திட்டப்பிழை சுமார் 0.005. பாதியிலிருந்து விலகல் 0.0067, அதாவது ஒன்றேகால் திட்டப்பிழைக்குச் சற்றே கூடுதல். நேர்மையான நாணயமே இந்த அளவு விலகுவது சகஜம். அவருடைய முதல் பத்துச் சுண்டல்களில் தலை நான்குதான். அங்கே மதிப்பீடு 0.4, திட்டப்பிழையோ 0.15. அந்த உச்சி தட்டையாகப் பரந்து கிடந்தது.

இந்த வழி தடுமாறும் இடமும் உண்டு. மூன்று முறை சுண்டி மூன்றும் தலை என்றால் வகைக்கெழு 3/p. அது எங்கும் பூஜ்யமாகாது. வளைவு ஏறிக்கொண்டே போய் p = 1 என்ற விளிம்பில் முட்டி நிற்கும். இனிப் பூ விழவே விழாது என்பது அதன் பொருள். அந்த விடையை நம்பி யாரும் பந்தயம் கட்ட வேண்டாம்.